விளம்பர ஏ/பி சோதனை தொடங்கும் முன்: எத்தனை பெறுபேறு வேண்டும், எவ்வளவு வேறுபாடு தெரியும்

முகநூலில் ஒரே பொருளுக்கு இரண்டு விளம்பரங்களை ஓடவிட்டு, ஒன்றுக்கு 23 ஓடரும் மற்றதற்கு 31 ஓடரும் வந்தவுடன் இரண்டாவதுதான் நல்லது என்று முடிவெடுப்பது யாழ்ப்பாணத்தில் சிறுதொழில் செய்வோரிடம் வழக்கமாகிவிட்டது. ஆனால் 23க்கும் 31க்கும் இடையிலுள்ள வேறுபாடு, ஒரே விளம்பரத்தை இரண்டு பிரதிகளாக ஓடவிட்டாலும் எளிதில் வரக்கூடிய வேறுபாடுதான். உண்மையான வேறுபாட்டையும் தற்செயலான ஏற்ற இறக்கத்தையும் பிரித்தறிய எத்தனை பெறுபேறுகள் தேவை என்பதை, முதல் ரூபாயைச் செலவிடும் முன்னரே கணக்கிட்டுவிடலாம். அந்தக் கணக்கைத் தாளில் போடுவது எப்படி என்பதை, புள்ளிவிபரவியல் படிக்காதவர்களுக்காக ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்து இங்கே விளக்குகிறேன்.

சுன்னாகத்தில் வீட்டிலிருந்தபடி வறுத்த மிளகாய்த்தூளும் சரக்குத்தூளும் தயாரித்து, நாடு முழுவதும் பார்சலில் அனுப்பும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். அவர்கள் மாதம் 40,000 ரூபா விளம்பரத்துக்கு ஒதுக்குகிறார்கள். விளம்பரத்தை அழுத்தினால் வட்ஸ்அப் திறக்கும். ஓர் உரையாடல் தொடங்க அவர்களுக்குச் சராசரியாக 125 ரூபா செலவாகிறது. நான்கு உரையாடல்களில் ஒன்று ஓடராக மாறுவதால், ஓர் ஓடருக்கு 500 ரூபா விளம்பரச் செலவு. இப்போது ஓடுவது தூள் பைக்கற்றின் படம். இதை ஏ என்போம். மிளகாயை வறுத்து இடிப்பதைக் காட்டும் காணொளி கூடுதலாக விற்குமா என்பது அவர்களுடைய கேள்வி. அதை பி என்போம். முறையான ஒரு காணொளியை எடுத்துத் தர 25,000 ரூபா கேட்கிறார்கள் என்பதால், முதலில் கைபேசியில் எடுத்த காணொளியை வைத்துச் சோதித்துப் பார்க்க நினைக்கிறார்கள். இந்த இலக்கங்கள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. நீங்கள் செய்யும்போது உங்கள் ஆட்ஸ் மனேஜரில் கடந்த இரண்டு மூன்று மாதங்களுக்குக் காணப்படும் சராசரியை இடுங்கள். ஒரு நல்ல வாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு முழுவதும் நம்பிக்கை மிகுந்ததாகப் போய்விடும்.

முதற்படி: எதை எண்ணப்போகிறோம்?

புதியவர்கள் பெரும்பாலும் விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பதைப் பார்த்து, ஒரு இலட்சம் தடவை காட்டியாயிற்று, மாதிரி போதும் என்று நினைக்கிறார்கள். அந்த ஒரு இலட்சம் தோற்றங்கள் ஒரு இலட்சம் மனிதர்கள் அல்ல. ஒரே ஆள் அதை நான்கைந்து முறை பார்த்திருப்பார். அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று உண்டு. விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் மிகச் சிலரே செயலில் இறங்குகிறார்கள். இப்படி அரிதாக நிகழும் ஒன்றை அளக்கும்போது, சோதனையின் வலிமையைத் தீர்மானிப்பது பார்த்தவர்களின் தொகை அல்ல, நிகழ்ந்த பெறுபேறுகளின் தொகையே. இரண்டு இலட்சம் பேர் பார்த்து 40 ஓடர் வந்தாலும், இருபதாயிரம் பேர் பார்த்து 40 ஓடர் வந்தாலும், நம் கையிலுள்ள தகவல் ஏறத்தாழ ஒன்றுதான்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. அழுத்தியவர்களில் எத்தனை சதவீதம் பேர் வாங்கினார்கள் என்று இரண்டு பக்கத்திலும் கணக்கிட்டு, அந்தச் சதவீதங்களை ஒப்பிடுகிறார்கள். இணையப் பக்கத்தைச் சோதிக்கும்போது அது சரி. விளம்பரத்தைச் சோதிக்கும்போது சரியல்ல. ஏனெனில் யார் அழுத்துவது என்பதையே விளம்பரம்தான் மாற்றுகிறது. காணொளி வேடிக்கை பார்ப்பவர்களையும் சேர்த்து இழுத்தால், அழுத்தியவர்களில் வாங்கியோர் சதவீதம் குறையும், ஆனால் மொத்த ஓடர் கூடியிருக்கும். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு பணத்தைக் கொடுத்து, அந்தப் பணத்துக்கு எத்தனை பெறுபேறு வந்தது என்று எண்ணுவதே நேரான வழி. பின்வரும் கணக்கு முழுவதும் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது.

இரண்டாவது படி: எவ்வளவு ஏற்றம் வந்தால் முடிவு மாறும்?

கண்டறியக்கூடிய மிகச்சிறிய ஏற்றம் என்பது வலையின் கண்ணைப் போன்றது. குருநகர்க் கடலில் எந்த மீன் இருக்கிறது என்பதை வலை தீர்மானிப்பதில்லை. ஆனால் கண்ணின் அளவைவிடச் சிறிய மீன் கடலில் இருந்தாலும் கரைக்கு வராது. அதுபோலவே, 30 சதவீத ஏற்றத்தைக் காண்பதற்காகத் திட்டமிட்ட சோதனையில், காணொளி உண்மையிலேயே 10 சதவீதம் கூடுதலாக விற்றாலும் அது பெரும்பாலும் நம் கண்ணில் படாமல் போகும்.

எந்த அளவு ஏற்றம் நமக்குப் பொருட்டு என்பதைத் தொழிலின் கணக்கிலிருந்து எடுக்கவேண்டும். சுன்னாகத்துக் குடும்பத்துக்கு ஓர் ஓடரில், விளம்பரச் செலவைக் கழிக்கும் முன், 900 ரூபா மிஞ்சுகிறது என்று கொள்வோம். மாதம் 80 ஓடர் வருகிறது. மூன்று மாதத்தில் 240. காணொளிக்குக் கொடுக்கும் 25,000 ரூபாவை மூன்று மாதத்தில் மீட்டெடுக்க 28 ஓடர் கூடுதலாக வேண்டும். 240இல் 28 என்பது ஏறத்தாழ 12 சதவீதம். ஆகவே 12 சதவீதத்துக்கு மேல் ஏற்றம் இருந்தால் காணொளி எடுப்பது இலாபம். அதற்குக் கீழே என்றால் படமே போதும். இந்த இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். சோதனைக் கருவிகள் தாமாக நிரப்பித் தரும் இலக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்வது, கேள்வியைத் தெரியாமலே விடையைத் தேடுவதாகும்.

மூன்றாவது படி: சூத்திரம்

இரண்டு பக்கத்துக்கும் சமமான பணம், பெறுபேறு அரிதானது என்ற இரண்டு நிபந்தனைகளும் பொருந்தினால் இந்தச் சிறிய சூத்திரம் போதும்.

```
C = 7.85 × (2 + r) ÷ r²
```

இதில் r என்பது நாம் காண விரும்பும் ஏற்றம். 20 சதவீதம் என்றால் 0.20 என்று எழுதவேண்டும். C என்பது பழைய விளம்பரமான ஏ-யின் பக்கத்தில் மட்டும் வரவேண்டிய பெறுபேறுகளின் தொகை. 7.85 என்ற இலக்கம் இரண்டு முடிவுகளைத் தன்னுள் வைத்திருக்கிறது. உண்மையில் வேறுபாடே இல்லாதபோது இருக்கிறது என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஒன்று. அதற்குரிய எல்லை 1.96. அந்த அளவு ஏற்றம் உண்மையிலேயே இருந்தால் அதை நூற்றுக்கு 80 தடவையாவது கண்டுபிடிக்கவேண்டும் என்பது மற்றது. அதற்குரிய எல்லை 0.84. இரண்டையும் கூட்டி வர்க்கப்படுத்தினால் 7.84 வரும், தசமங்களைச் சுருக்காமல் கணித்தால் 7.85.

இதன்படி வரும் இலக்கங்கள் இவை:

| காண விரும்பும் ஏற்றம் | ஏ பக்கத்தில் தேவையான பெறுபேறு |
|---|---|
| 10 சதவீதம் | 1,649 |
| 20 சதவீதம் | 432 |
| 30 சதவீதம் | 201 |
| 50 சதவீதம் | 79 |
| 100 சதவீதம் | 24 |

அட்டவணையைச் சற்று நின்று பார்க்கவேண்டும். காண விரும்பும் ஏற்றத்தைப் பாதியாக்கினால் தேவை இரண்டு மடங்காகவில்லை, ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. கீழே r வர்க்கமாக நிற்பதுதான் காரணம். இன்னும் கொஞ்சம் துல்லியமாகப் பார்ப்போம் என்று சாதாரணமாகச் சொல்லும் ஒரு வார்த்தை வரவுசெலவை இத்தனை வேகமாகத் தின்னும் என்பதைப் பலர் பணம் முடிந்த பிறகே உணர்கிறார்கள்.

குடும்பத்தின் 12 சதவீதத்தை இதில் இட்டால் ஏ பக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 1,156 பெறுபேறு வேண்டும். ஓடரை எண்ணினால் ஒரு பக்கத்துக்கே 5 இலட்சத்து 78 ஆயிரம் ரூபா. இரு பக்கமும் சேர்த்தால் 11 இலட்சத்தைத் தாண்டும். 25,000 ரூபாக் காணொளியைப் பற்றி முடிவெடுக்க 11 இலட்சம் செலவிடுவது அறிவுடைமை அல்ல. ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போடவேண்டியிருக்கிறது.

நான்காவது படி: பணத்திலிருந்து பின்னோக்கி

சிறுதொழிலுக்கு உண்மையில் உதவுவது இந்தப் படிதான். நம்மிடம் இருக்கும் பணத்துக்கு எத்தனை பெறுபேறு வரும் என்பது தெரியும். அத்தனை பெறுபேற்றைக் கொண்டு எவ்வளவு சிறிய ஏற்றத்தைக் காணலாம் என்று கேட்கவேண்டும். மேலுள்ள சூத்திரத்தையே r-க்காகத் தீர்த்தால், கூகுள் ஷீட்ஸிலோ எக்செல்லிலோ இப்படி எழுதலாம். B2 என்ற கட்டத்தில் ஒரு பக்கத்துக்கு எதிர்பார்க்கும் பெறுபேற்றை இடவேண்டும்.

```
=(7.85+SQRT(7.85^2+62.8*B2))/(2*B2)
```

40,000 ரூபாவுக்கு 80 ஓடர், அதாவது ஒரு பக்கத்துக்கு 40. சூத்திரம் 0.73 என்று தருகிறது. காணொளி 73 சதவீதம் கூடுதலாக விற்றால்தான் இந்தச் சோதனை அதை நம்பகமாகக் காட்டும். அப்படிப்பட்ட ஏற்றம் மிக அரிது. ஓடரை மட்டும் எண்ணி இந்தத் தொகைக்குச் சோதனை நடத்துவதில் பயனில்லை என்று இந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

உரையாடல்களை எண்ணினால் 40,000 ரூபாவுக்கு 320 வரும். ஒரு பக்கத்துக்கு 160. சூத்திரம் 0.34 தருகிறது. ஒரு மாதத்துக்குப் பதிலாக இரண்டு மாத ஒதுக்கீட்டை, அதாவது 80,000 ரூபாவை, முழுவதுமாக இந்தச் சோதனைக்குள் ஓடவிட்டால் ஒரு பக்கத்துக்கு 320 உரையாடல், அப்போது 0.23. இந்தப் பணம் சோதனைக்காகத் தனியே இழக்கும் பணமல்ல என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். எப்படியும் விளம்பரத்துக்குப் போகவிருந்த தொகையே இரண்டாகப் பிரிந்து போகிறது, இரு பக்கத்திலிருந்தும் ஓடர் வந்துகொண்டேயிருக்கும். ஆகவே ஒரு தொழில் சோதனைக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்பதை மேலதிகச் செலவாக எண்ணாமல், எத்தனை மாத விளம்பர ஒதுக்கீட்டைச் சோதனை ஒழுங்கில் வைத்திருக்கப் பொறுமை உண்டு என்று எண்ணுவதே சரி.

உரையாடலுக்கு மாறும்போது ஓர் ஆபத்தும் உடன் வருகிறது. நாம் விற்க விரும்புவது தூளைத்தான். விலையைச் சொல்லாத ஒரு விளம்பரம் விலை கேட்பதற்காகவே பலரை வட்ஸ்அப்புக்குக் கொண்டுவரும். அவர்களில் பெரும்பாலோர் விலையைக் கேட்டதும் போய்விடுவார்கள். எனவே இரு விளம்பரங்களிலும் விலை, பார்சல் செலவு பற்றிய விபரங்கள் ஒரேபோல் இருக்கவேண்டும். படம், காணொளி என்ற வேறுபாடு மட்டுமே மிஞ்சவேண்டும். உரையாடலில் ஓடராகும் பங்கையும் இரு பக்கத்திலும் தனித்தனியே குறித்துவைக்கவேண்டும். இதற்கு எளிய வழி, வட்ஸ்அப் திறக்கும்போது தானாக நிரம்பி நிற்கும் முதற்செய்தியின் முடிவில் ஒரு சிறு குறியீட்டை வைப்பது. ஏ-யிலிருந்து வரும் செய்தி "தூள் விபரம் தேவை 1" என்றும், பி-யிலிருந்து வருவது "தூள் விபரம் தேவை 2" என்றும் முடியலாம். வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியிலுள்ள லேபிள் வசதியைக் கொண்டு அவற்றை அன்றன்றே பிரித்துவைத்தால், வார இறுதியில் எண்ணுவது கடினமல்ல. ஒரே ஆள் இரண்டு தடவை எழுதினால் ஒன்றாகவே எண்ணவேண்டும்.

மூன்றாவது, நான்காவது விளம்பரத்தையும் சேர்த்துக்கொள்ளலாமே என்ற ஆசை இந்தக் கட்டத்தில் வரும். 40,000 ரூபாவை நான்காகப் பிரித்தால் ஒன்றுக்கு 80 உரையாடல்; காணக்கூடிய ஏற்றம் 34இலிருந்து 50 சதவீதத்துக்குப் போய்விடும். ஒப்பீடுகள் பெருகுவதால் தற்செயலாக ஏதோ ஒன்று வென்றதுபோலத் தோன்றும் வாய்ப்பும் கூடும். சிறிய பணத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பதே என் முடிவு. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபட்டிருக்கவேண்டும். பொத்தானின் நிறத்தையோ ஒரு சொல்லையோ மாற்றிச் சோதிப்பது நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் பெறுபேறு வரும் நிறுவனங்களுக்குரிய வேலை. 34 சதவீத ஏற்றத்தைத் தரக்கூடிய மாற்றம் என்றால் பொருளை முன்வைக்கும் விதமே மாறவேண்டும்: படத்துக்கு எதிராகக் காணொளி, ஒற்றைப் பைக்கற்றுக்கு எதிராக மாதத்துக்குப் போதுமான பொதி என்றாற்போல.

ஐந்தாவது படி: நாட்களும் ஆட்களும்

பெறுபேற்றுத் தொகை தெரிந்தபின் நாட்களைக் கணிப்பது எளிது. ஒரு பக்கத்துக்கு 20,000 ரூபாவை 14 நாட்களில் செலவிட்டால் நாளுக்கு ஏறத்தாழ 1,430 ரூபா, 11 உரையாடல்கள். முழு வாரங்களாகவே திட்டமிடுங்கள், ஏனெனில் வெள்ளிக்கிழமை வாங்குபவரும் திங்கட்கிழமை வாங்குபவரும் ஒரேமாதிரியானவர்கள் அல்ல. சம்பளம் வரும் மாத இறுதியை ஒரு சோதனைக் காலம் பாதியில் வெட்டாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும், தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரங்களும் இங்கே வாங்கும் பழக்கத்தையே மாற்றிவிடுகின்றன. அந்தக் காலத்தில் வென்ற விளம்பரம் மற்ற மாதங்களிலும் வெல்லும் என்று சொல்லமுடியாது.

மெட்டாவின் விநியோக முறை ஒரு விளம்பரத் தொகுதியில் வாரத்துக்கு ஏறத்தாழ 50 பெறுபேறு வரும்வரை கற்றல் நிலையிலேயே இருக்கும்; அதுவரை செலவு தடுமாறும். உரையாடலை இலக்காக வைத்தால் நமக்கு ஒரு பக்கத்துக்கு வாரம் 80 வருவதால் அந்த நிலையைத் தாண்டிவிடலாம். ஓடரை இலக்காக வைத்திருந்தால் வாரம் 20தான். சோதனை முடியும்வரை தடுமாற்றத்திலேயே போயிருக்கும்.

ஆட்களின் தொகையும் ஓர் எல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தின் மக்கள்தொகை 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். இதற்குள் குறிப்பிட்ட வயதுப் பெண்களை மட்டும் தேர்ந்தால், அடையக்கூடியவர்கள் 60,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். சோதனை அவர்களை 30,000, 30,000 ஆகப் பிரிக்கும். ஆயிரம் தோற்றத்துக்கு 200 ரூபா என்றால், 20,000 ரூபாவுக்கு ஒரு பக்கத்தில் ஒரு இலட்சம் தோற்றம். ஒருவர் சராசரியாக மூன்று தடவைக்கு மேல் பார்ப்பார். இது தாங்கும். ஆனால் 12 சதவீத ஏற்றத்தைக் காண்பதற்காக ஏழு மடங்கு பணத்தை இதே கூட்டத்தின்மீது கொட்டினால் ஒருவர் இருபது தடவைக்கு மேல் பார்க்கவேண்டிவரும். பெறுபேறு பணத்தோடு சேர்ந்து வளராது. பணம் இருந்தாலும் மாதிரியை விரும்பியபடி பெருக்கமுடியாது என்பது சிறிய ஊர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்பவர்கள் கணக்கில் சேர்க்கவேண்டிய உண்மை. பார்சல் எங்கும் போகும் என்றால் கொழும்பு, மட்டக்களப்பு, திருகோணமலை என்று பரப்பை முதலிலேயே விரித்துவிடுவது நல்லது.

ஆறாவது படி: அமைப்பதும் எழுதிவைப்பதும்

இரண்டு விளம்பரங்களையும் ஒரே விளம்பரத் தொகுதிக்குள் போட்டுவிட்டு அதைச் சோதனை என்று அழைக்கக்கூடாது. அப்படிச் செய்தால் முதல் நாளில் கொஞ்சம் முந்திய விளம்பரத்துக்கே மெட்டா பெரும்பாலான பணத்தைத் திருப்பிவிடும். ஆட்ஸ் மனேஜரிலுள்ள ஏ/பி சோதனை வசதியைப் பயன்படுத்தினால், ஒருவர் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கும்படி கூட்டம் பிரிக்கப்படும். பணமும் சமமாகப் போகும். இந்த வசதிக்கும் ஓர் எல்லை உண்டு: ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் அந்தந்த விளம்பரத்துக்கு ஏற்றவர் யார் என்பதை மெட்டாவே தேர்ந்து காட்டுகிறது. ஆகவே நாம் அளப்பது விளம்பரத்தோடு சேர்த்து அந்தத் தேர்வையும்தான். எதை ஓடவிடுவது என்று முடிவெடுக்க இது போதுமானது. காணொளிகளையே மக்கள் விரும்புகிறார்கள் என்ற பொதுக்கருத்துக்கு இது சான்றாகாது.

தொடங்கும் முன் ஐந்து விடயங்களை எழுதிவையுங்கள்: எண்ணப்போகும் பெறுபேறு, ஒரு பக்கத்துக்கான பணம், முடியும் திகதி, காணக்கூடிய மிகச்சிறிய ஏற்றம், முடிவில் எந்த நிலைக்கு என்ன செய்வது. இவற்றுள் முடியும் திகதியே அதிகம் மீறப்படுகிறது. நாள்தோறும் திறந்து பார்த்து, வேறுபாடு போதுமானதாகத் தெரிந்த முதல் நாளில் நிறுத்திவிடுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் 5 சதவீதத் தவறு என்ற வாக்குறுதி ஒரே ஒரு தடவை, முடிவில் பார்ப்பதற்குத்தான் பொருந்தும். சம இடைவெளியில் ஐந்து தடவை பார்த்து அப்படி நிறுத்தினால் அந்தத் தவறு ஏறத்தாழ 14 சதவீதமாகும். பத்துத் தடவை பார்த்தால் 19 சதவீதமாகும். இடையில் பார்க்கவேண்டியது பணம் இரு பக்கமும் சமமாகப் போகிறதா, விளம்பரம் ஏதாவது நிராகரிக்கப்பட்டிருக்கிறதா என்பவற்றை மட்டுமே.

முடிவை வாசித்தல்

சமமான பணத்தில் ஓடிய சோதனையின் முடிவை ஒரு கைக்கணக்கால் சரிபார்க்கலாம். இரு பக்கப் பெறுபேறுகளையும் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை 1.96ஆல் பெருக்குங்கள். இரு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு அதைத் தாண்டினால் மட்டுமே வேறுபாடு உண்டு என்று சொல்லலாம். பணம் சமமாகப் போகவில்லை என்றால், உதாரணமாக ஒரு பக்கம் 20,000மும் மறுபக்கம் 17,000மும் செலவாகியிருந்தால், இந்தக் கணக்கு பொருந்தாது. ஏன் அப்படி ஆனது என்பதையே முதலில் தேடவேண்டும்.

குறைந்த மாதிரியில் வரும் வெற்றி ஏன் ஏமாற்றும் என்பதையும் இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. ஓடரை எண்ணி மொத்தம் 80 வந்தது என்று கொள்வோம். 80இன் வர்க்கமூலம் 8.94; 1.96ஆல் பெருக்கினால் 17.5. ஆகவே 31க்கு 49 என்றாவது வந்தால்தான் வெற்றி என்று சொல்லமுடியும். அது 58 சதவீத ஏற்றம். காணொளியின் உண்மையான ஏற்றம் 20 சதவீதமாக இருந்தால், இந்தச் சோதனை அதைப் பிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 13 அளவுதான். பிடிக்கும்போதும் அதை 58 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றே காட்டும். சோதனையில் அபாரமாக வென்ற விளம்பரம் அடுத்த மாதம் சாதாரணமாகிவிட்டது என்று பலர் குறைப்படுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். விளம்பரம் தேயவில்லை, முதலில் கண்ட இலக்கம்தான் ஊதியிருந்தது.

இப்போது குடும்பத்தின் சோதனைக்கு வருவோம். 14 நாட்களில், ஒவ்வொரு பக்கமும் 20,000 ரூபா செலவாகி, ஏ-க்கு 158 உரையாடலும் பி-க்கு 181 உரையாடலும் வந்தன என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 23. கூட்டுத்தொகை 339, வர்க்கமூலம் 18.4, 1.96ஆல் பெருக்க 36. 23 என்பது 36ஐத் தாண்டவில்லை. இதைக் காணொளியால் பயனில்லை என்று வாசிப்பது தவறு. இந்தத் தரவுக்கு 95 சதவீத நம்பிக்கை எல்லையைக் கணித்தால், காணொளி 7 சதவீதம் குறைவாக இழுப்பதிலிருந்து 42 சதவீதம் கூடுதலாக இழுப்பதுவரை எதுவும் பொருந்தும். நாம் எழுதிவைத்த 12 சதவீதம் அதற்குள் நடுவாகவே கிடக்கிறது. ஓடரான பங்கையும் பார்க்கவேண்டும்: ஏ-யில் 158இல் 41, பி-யில் 181இல் 43, இரண்டுமே நான்கில் ஒன்றை ஒட்டியே இருப்பதால், காணொளி வெறும் விசாரணைக்காரரை மட்டும் இழுத்தது என்று சொல்ல இடமில்லை.

இந்த நிலையில் எடுக்கவேண்டிய முடிவு இரண்டாகப் பிரிகிறது. கைபேசியில் எடுத்த காணொளி ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து ஓட்ட மேலதிகச் செலவு எதுவும் இல்லை. அது தீங்கு செய்ததற்குச் சான்றில்லை, முந்தியே நிற்கிறது. ஆகவே அதையே ஓட்டலாம். 25,000 ரூபாக் காணொளிக்கோ இந்தத் தரவு போதாது. வேறுபாடு தெரியும்வரை என்று சொல்லி இதே சோதனையை இன்னும் சில நாள் நீட்டுவது, இடையில் பார்த்து நிறுத்தும் தவறின் இன்னொரு வடிவமே. அதற்குப் பதிலாக, அடுத்த இரண்டு மாத ஒதுக்கீட்டில் ஒரு பக்கத்துக்கு 320 உரையாடலுக்குப் புதிய சோதனையைத் திட்டமிடலாம். அல்லது 23 சதவீதத்துக்குக் குறைவான ஏற்றத்தைத் தம் அளவிலான தொழிலில் நம்பகமாக அளக்கமுடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, காணொளிக்கான பணத்தைத் தூள் அரைக்கும் வேலைக்கே செலவிடலாம்.

சூத்திரத்தின் எல்லைகளையும் குறிப்பிடவேண்டும். இலவசமாகக் கிடைக்கும் இரண்டு படங்களுள் ஒன்றைத் தேர்வதென்றால் தவறான வெற்றி பெரிய இழப்பைத் தராது. அப்போது தவறின் வாய்ப்பை 10 சதவீதமாகத் தளர்த்தி 7.85க்குப் பதில் 6.18ஐ இடலாம், தேவை ஐந்தில் ஒன்று குறையும். முடிவைச் சரிபார்க்கும்போதும் 1.96க்குப் பதில் 1.645ஐப் பயன்படுத்தவேண்டும். மாறாக, உண்மையான ஏற்றத்தை நூற்றுக்கு 90 தடவை பிடிக்கவேண்டும் என்றால் 10.5ஐ இடவேண்டும். இணையப் பக்கத்துக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 20, 30 பேர் படிவத்தை நிரப்புகிறார்கள் என்பதுபோலப் பெறுபேறு அடிக்கடி நிகழும் இடத்தில் இந்தச் சூத்திரம் தேவையைக் கூட்டிக் காட்டும். அங்கே இரண்டு விகிதங்களை ஒப்பிடும் முழுச் சூத்திரத்தையோ இணையத்திலுள்ள மாதிரிப் பருமன் கணிப்பான்களையோ பயன்படுத்துங்கள். அந்தக் கணிப்பான்களில் ஏற்றத்தை இடும்போது, 4 சதவீதம் 5 சதவீதமாவதை ஒரு புள்ளி என்று கேட்கிறார்களா, 25 சதவீத ஏற்றம் என்று கேட்கிறார்களா என்பதைப் பார்த்து இடவேண்டும். இரண்டையும் மாற்றி இட்டால் விடை நூற்றுக்கணக்கான மடங்கு பிசகும்.